எச்.ஐ.வி. தேர்வுக் கேள்விகள்: ஒரே நோயாளியின் வழியே பரிசோதனை முதல் மருந்து வரை

எச்.ஐ.வி. பாடத்தை அட்டவணை அட்டவணையாக மனப்பாடம் செய்தவர்கள்கூடத் தேர்வில் தடுமாறுகிறார்கள். கேள்வியில் இருக்கும் நாள் கணக்கையும் சிடி4 எண்ணையும் கவனிக்காமல் நேராக விடைகளுக்குத் தாவிவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். அதனால் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே ஒரு கற்பனை நோயாளியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். முதலில் வரும்போது அவருக்கு வயது 29, எடை 60 கிலோ. கடைசிக் கேள்வியில் வயது 37 ஆகியிருக்கும்.

காய்ச்சல், தொண்டை வலி, உடம்பெல்லாம் தடிப்பு. பாதுகாப்பற்ற உறவு நடந்து 18 நாள். விரல் நுனி ரத்தத்தில் செய்த ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ். எச்.ஐ.வி. இல்லை என்று குறிக்கலாமா?

குறிக்கக் கூடாது. இந்தக் கேள்வியின் விடை '18 நாள்' என்ற சொல்லில் இருக்கிறது.

வைரஸ் உடலுக்குள் புகுந்த முதல் 10 நாள் அளவில் எந்தப் பரிசோதனையிலும் அது சிக்காது. அதன்பின் ரத்தத்தில் முதலில் தென்படுவது வைரஸின் ஆர்.என்.ஏ. சில நாள் கழித்து வைரஸின் உள்ளுறைப் புரதமான பி24 ஆன்டிஜென் தெரிகிறது. உடல் தயாரிக்கும் ஆன்டிபாடி கடைசியாகத்தான் வருகிறது. எந்தப் பரிசோதனை எதைத் தேடுகிறது என்பது தெரிந்தால் சாளரக் காலம் தானாகவே புரிந்துவிடும். ஆர்.என்.ஏ.யைத் தேடும் நியூக்ளிக் அமிலப் பரிசோதனை 10 முதல் 33 நாளுக்குள் தொற்றைக் காட்டும். பி24-ஐயும் ஆன்டிபாடியையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறை ஆய்வகப் பரிசோதனைக்கு 18 முதல் 45 நாள் ஆகும். ஆன்டிபாடியை மட்டும் தேடும் பரிசோதனைகளுக்கு 23 முதல் 90 நாள். நம் நோயாளிக்குச் செய்த ரேபிட் டெஸ்ட் இந்தக் கடைசி வகை. ஆகவே 18-ஆம் நாளில் வந்த 'நெகட்டிவ்' எதையும் நிரூபிக்கவில்லை.

அறிகுறிகளும் ஒத்துப்போகின்றன. தொடர்புக்குப் பின் 2 முதல் 4 வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, நிணநீர்க் கட்டி வீக்கம், தடிப்பு ஆகியவை வந்தால் கடும் எச்.ஐ.வி. தொற்றை நினைக்க வேண்டும். தேர்வில் இது பெரும்பாலும் மோனோநியூக்ளியோசிஸ் வேடத்தில்தான் வரும். வாயிலோ பிறப்புறுப்பிலோ வலியுள்ள புண்கள் இருப்பதாகக் கேள்வி சொன்னால், எச்.ஐ.வி. பக்கம் சாயலாம். அடுத்த படி, நான்காம் தலைமுறைப் பரிசோதனையோடு ஆர்.என்.ஏ. பரிசோதனையும் செய்வது. 'மூன்று மாதம் கழித்து வரச் சொல்வது' என்ற விடை பார்க்க நிதானமானதாகத் தெரியும். ஆனால் வைரஸ் அளவு உச்சத்தில் இருந்து, பிறருக்குப் பரவும் வாய்ப்பு மிக அதிகமாக இருக்கும் வாரங்கள் இவைதான். எனவே அது தவறான விடை.

தொடர்புக்குப் பிந்தைய தடுப்பு மருந்தும் விடைகளுள் ஒன்றாக நிற்கும். அதற்கான கெடு 72 மணி நேரம். அது முடிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நான்காம் தலைமுறைப் பரிசோதனை ரியாக்டிவ். ஆனால் அடுத்துச் செய்த எச்.ஐ.வி.-1, எச்.ஐ.வி.-2 பிரித்தறியும் ஆன்டிபாடிப் பரிசோதனை நெகட்டிவ். இது பொய்யான பாசிட்டிவ்தானே?

அவசரப்பட வேண்டாம். இரண்டு முடிவுகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். முதல் பரிசோதனை பி24-ஐப் பிடித்திருக்கும். இரண்டாவது ஆன்டிபாடியை மட்டும் தேடுவதால், அது இன்னும் உருவாகாத நிலையில் ஒன்றும் காட்டாது. கடும் தொற்றிலும் இப்படி வரலாம், உண்மையிலேயே பொய்யான பாசிட்டிவிலும் இப்படி வரலாம். இரண்டையும் பிரிப்பது ஆர்.என்.ஏ. பரிசோதனை ஒன்றுதான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2014-இல் வெளியிட்ட படிவரிசையும் இதேதான்: முதலில் ஆன்டிஜென்-ஆன்டிபாடிக் கூட்டுப் பரிசோதனை, பிறகு பிரித்தறியும் பரிசோதனை, இரண்டும் முரண்பட்டால் ஆர்.என்.ஏ.

நம் நோயாளிக்கு ஆர்.என்.ஏ. ஒரு மில்லிலிட்டருக்கு 20 லட்சம் பிரதிகள். கடும் தொற்று உறுதி. இந்தக் கட்டத்தில் வைரஸ் அளவு லட்சக்கணக்கில் இருப்பதுதான் வழக்கம். சில நூறு பிரதிகள் மட்டும் வந்தால் அந்த முடிவையே சந்தேகித்து, புது ரத்த மாதிரியில் திரும்பச் செய்ய வேண்டும்.

பழைய வினாத்தொகுப்புகளில் இந்த இடத்தில் 'வெஸ்டர்ன் பிளாட்' விடையாக இருக்கும். அது ஆன்டிபாடியையே தேடுகிறது, அதுவும் தாமதமாகத்தான் பிடிக்கிறது. கடும் தொற்றில் அது நெகட்டிவாகவோ தெளிவற்றதாகவோ வந்து குழப்பும். 2014 படிவரிசையில் அதற்கு இடமில்லை. கேள்வித்தாள் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

99.5 சதவீதத் துல்லியம் உள்ள பரிசோதனை பாசிட்டிவ் என்றால் தொற்று உறுதிதானே? எதற்கு இரண்டாவது, மூன்றாவது பரிசோதனை?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஆயிரத்தில் ஒருவருக்குத் தொற்று உள்ள சமூகத்தில் ஒரு லட்சம் பேரைப் பரிசோதிக்கிறோம். தொற்றுள்ளவர்கள் 100 பேர். அவர்கள் அனைவரையும் பரிசோதனை பிடித்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மீதி 99,900 பேரில் 0.5 சதவீதத்தினருக்குப் பொய்யான பாசிட்டிவ் வரும். அது ஏறத்தாழ 500 பேர். ஆக, பாசிட்டிவ் என்று அறிக்கை பெறும் 600 பேரில் உண்மையாகவே தொற்றுள்ளவர்கள் 100 பேர்தான், அதாவது ஆறில் ஒருவர்.

அதே பரிசோதனையை, பத்தில் ஒருவருக்குத் தொற்று உள்ள குழுவில் செய்தால் 10,000 உண்மையான பாசிட்டிவ்களும் 450 பொய்யான பாசிட்டிவ்களும் வரும். இப்போது பாசிட்டிவ் முடிவு 96 சதவீதம் நம்பத்தக்கது. பரிசோதனை மாறவில்லை, பரிசோதிக்கப்பட்டவர்கள்தான் மாறியிருக்கிறார்கள். தொற்றுப் பரவல் குறையக் குறையப் பாசிட்டிவ் முடிவின் மதிப்பும் சரியும் என்பதால்தான், உலக சுகாதார நிறுவனம் 2019 முதல் மூன்று வெவ்வேறு பரிசோதனைகள் அடுத்தடுத்து ரியாக்டிவாக வந்த பின்னரே தொற்று என்று அறிவிக்கச் சொல்கிறது.

தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த 6 வாரக் குழந்தையின் ஆன்டிபாடிப் பரிசோதனை பாசிட்டிவ். குழந்தைக்குத் தொற்றா?

அதை வைத்துச் சொல்ல முடியாது. அது நஞ்சுக்கொடி வழியே வந்த தாயின் ஆன்டிபாடியாக இருக்கலாம். 18 மாதம் வரை அது குழந்தையின் ரத்தத்தில் தங்கக்கூடும். 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நியூக்ளிக் அமிலப் பரிசோதனைதான் விடை.

கடும் தொற்று நிலையில் நோயாளியின் சிடி4 180. இருநூறுக்குக் கீழே போய்விட்டதே, இவருக்கு எய்ட்ஸ் என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. கடும் தொற்றின்போது சிடி4 தற்காலிகமாகச் சரிந்து, பிறகு பெருமளவு மீண்டு வரும். அந்தச் சரிவில் சிலருக்கு வாயில் வெண்படலப் பூஞ்சைகூட வருவதுண்டு. அமெரிக்க மையத்தின் வகைப்பாட்டில், முதல் பாசிட்டிவ் முடிவுக்கு முந்தைய 180 நாளுக்குள் நெகட்டிவ் முடிவு இருந்தால் அது நிலை 0. அங்கே சிடி4 எண்ணுக்கு மதிப்பே இல்லை. மற்றவர்களுக்கு 500-உம் அதற்கு மேலும் நிலை 1, 200 முதல் 499 வரை நிலை 2, 200-க்குக் கீழே நிலை 3. நிலை 3-தான் எய்ட்ஸ். எய்ட்ஸை வரையறுக்கும் நோய் ஏதேனும் வந்துவிட்டால் சிடி4 எவ்வளவு இருந்தாலும் நிலை 3.

நுரையீரல் காசநோய் எய்ட்ஸா, இல்லையா? ஒரு புத்தகம் 'நிலை 3' என்கிறது, இன்னொன்று 'எய்ட்ஸ்' என்கிறது.

இரண்டு புத்தகங்களும் சரி. அளவுகோல்தான் வேறு. உலக சுகாதார நிறுவனம் நோய்க்குறிகளை வைத்து நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. அதில் எய்ட்ஸுக்கு இணையானது நிலை 4. அமெரிக்க மையத்தில் எய்ட்ஸ் என்பது நிலை 3. நுரையீரல் காசநோய் முதல் அளவுகோலில் நிலை 3, அதாவது எய்ட்ஸுக்கு ஒரு படி முன்பு. இரண்டாவது அளவுகோலில் அது எய்ட்ஸை வரையறுக்கும் நோய். இரண்டிலும் '3' என்ற எண்ணே வருவதுதான் குழப்பத்துக்கு வேர். நுரையீரலுக்கு வெளியே பரவிய காசநோய் என்றால் இரண்டிலுமே எய்ட்ஸ்தான்.

வாய்ப் பூஞ்சையிலும் இதே பொறி உண்டு. வாயோடு நின்ற கேண்டிடா உலக நிறுவன அளவுகோலில் நிலை 3. அமெரிக்க மையத்தின் எய்ட்ஸ் பட்டியலில் அது இல்லை. உணவுக்குழாய்க்கு இறங்கிவிட்டால் இரண்டிலும் எய்ட்ஸ். 'விழுங்கும்போது நெஞ்சில் வலிக்கிறது' என்ற ஒரு வரி கேள்வியில் இருந்தால் நிலை மாறிவிடுகிறது. உடலின் ஒரு பகுதியில் ஒருமுறை வந்த அக்கி நிலை 2 மட்டுமே. அதை எய்ட்ஸ் என்று குறிப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

எட்டு ஆண்டுகள் மருந்து எதுவும் எடுக்காத நோயாளி, மூன்று வாரமாக வறட்டு இருமல், மூச்சிரைப்போடு வருகிறார். எக்ஸ்ரேயில் இரு பக்கமும் பரவலான நிழல். நிமோனியாவுக்குச் செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் கொடுத்தால் போதாதா?

நம் நோயாளிதான் திரும்பி வந்திருக்கிறார், சிகிச்சையைத் தொடராமல் போனவர். இப்போது சிடி4 62, வைரஸ் அளவு 2,80,000, நாக்கில் வெண்படலம்.

சாதாரண பாக்டீரியா நிமோனியா சில நாள்களில் வந்துவிடும். குளிர் நடுக்கம், சளி, ஒரு மடலில் அடர்ந்த நிழல் என்று அதன் முகம் வேறு. இங்கே கதை வாரக்கணக்கில் நகர்கிறது. இருமல் வறட்டு இருமல். உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் செறிவு 93, வராந்தாவில் நடக்க வைத்தால் 85. இந்தச் சரிவையும் 200-க்குக் கீழான சிடி4-ஐயும் சேர்த்துப் பார்த்தால் நிமோசிஸ்டிஸ் நிமோனியாதான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். எல்.டி.எச். உயர்ந்திருக்கும், ஆனால் அது வேறு நுரையீரல் நோய்களிலும் உயரும். பீட்டா-டி-குளூக்கான் உயர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகக்கூட இருக்கலாம், அதனால் 'எக்ஸ்ரே இயல்பு' என்ற வரியைப் பார்த்து இந்த நோயைத் தள்ளிவிடாதீர்கள். மார்பு உறையில் நீர் கோத்திருந்தால் மட்டும் வேறு காரணத்தைத் தேடுவது நல்லது. இந்தக் கிருமியை வழக்கமான வளர்ப்பு ஊடகத்தில் வளர்க்க முடியாது. தூண்டி எடுத்த சளியையோ மூச்சுக்குழாய் கழுவு நீரையோ வெள்ளிச் சாயத்திலோ ஒளிரும் ஆன்டிபாடிச் சாயத்திலோ பார்க்க வேண்டும். சிகிச்சைக்கு அதுவரை காத்திருக்கக் கூடாது.

மருந்து கோட்ரைமாக்சசோல். அளவை அதிலுள்ள டிரைமெத்தோபிரிமை வைத்துக் கணக்கிடுவார்கள்: ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 மி.கி., மொத்தம் 21 நாள். 60 கிலோவுக்கு நாளுக்கு 900 முதல் 1,200 மி.கி. இரட்டைத் திறன் மாத்திரை ஒன்றில் 160 மி.கி. டிரைமெத்தோபிரிம் உண்டு. இரண்டு மாத்திரை மூன்று வேளை என்றால் 960 மி.கி., கணக்குப் பொருந்துகிறது. ஆனால் நோய் கடுமையாக இருப்பதால் இவருக்கு முதலில் நரம்பு வழியாகக் கொடுத்து, தேறிய பிறகு மாத்திரைக்கு மாற்ற வேண்டும்.

ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பைக் குறைக்கும். சிடி4 62 இருப்பவருக்கு அதை ஏன் கொடுக்க வேண்டும்?

மருந்து பட்டு மடியும் கிருமிகளின் துகள்களால் நுரையீரலில் அழற்சி கிளம்புகிறது. சிகிச்சை தொடங்கிய இரண்டாம், மூன்றாம் நாளில் நோயாளி திடீரென மோசமாவது இதனால்தான். ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்தவரை அந்தச் சரிவு செயற்கைச் சுவாசம் வரை கொண்டுபோய்விடும். ஸ்டீராய்டு அதைத் தடுக்கிறது.

எல்லோருக்கும் வேண்டாம். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது தமனி ரத்த ஆக்சிஜன் அழுத்தம் 70-க்குக் கீழே இருந்தாலோ, நுண்ணறைக்கும் தமனிக்கும் இடையிலான வித்தியாசம் 35 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ கொடுக்க வேண்டும். நம் நோயாளியின் தமனி ஆக்சிஜன் 62, கார்பன் டை ஆக்சைடு 32. நுண்ணறை ஆக்சிஜனை இப்படிக் கணக்கிடலாம்:

```
PAO2 = 0.21 × (760 − 47) − 32 / 0.8 = 109.7
A−a  = 109.7 − 62 = 47.7
```

இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறிவிட்டன. பிரெட்னிசோலோன் 40 மி.கி. இரு வேளையாக 5 நாள், பிறகு ஒரு வேளையாக 5 நாள், பிறகு 20 மி.கி. ஒரு வேளையாக 11 நாள். கோட்ரைமாக்சசோலோடு சேர்ந்தே, முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு குறைவாக இருப்பது நல்ல அறிகுறி என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் வேக வேகமாக மூச்சு விட்டு அதை வெளியேற்றிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அது 40-ஐத் தாண்டத் தொடங்கினால் சோர்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

எந்த சிடி4-இல் எந்தக் கிருமி என்று எப்படி நினைவில் வைப்பது? பட்டியல் நீளமாக இருக்கிறதே.

மூன்று வாசல்கள் போதும். 200-க்குக் கீழே நிமோசிஸ்டிஸ். 100-க்குக் கீழே மூளையைத் தாக்கும் டாக்சோபிளாஸ்மாவும் கிரிப்டோகாக்கஸும். 50-க்குக் கீழே கண்ணைத் தாக்கும் சைட்டோமெகாலோ வைரஸும், உடலெங்கும் பரவும் மைக்கோபாக்டீரியம் ஏவியமும். வாசல் தாழத் தாழ, மேலுள்ளவை நீங்குவதில்லை. காசநோய்க்கு வாசல் கிடையாது, எந்த சிடி4-இலும் வரும்.

இந்த எண்கள் தடுப்பு மருந்துக் கேள்விக்கும் உதவும். 200-க்குக் கீழே கோட்ரைமாக்சசோல். டாக்சோபிளாஸ்மா ஐ.ஜி.ஜி. பாசிட்டிவாக இருந்து சிடி4 100-க்குக் கீழே இருந்தால், அதையும் அதே மருந்து தடுக்கும். நம் நோயாளிக்கு ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ். ஆகவே 21 நாள் சிகிச்சை முடிந்ததும் மருந்தை நிறுத்தாமல் தடுப்பு அளவுக்குக் குறைத்துத் தொடர வேண்டும். ஏவியத்துக்கு அசித்ரோமைசின் தடுப்பு என்பது பழைய புத்தகங்களின் பிடித்தமான விடை. எச்.ஐ.வி. கூட்டு மருந்தை உடனே தொடங்குபவர்களுக்கு அது இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை.

மூளைக் கேள்விகளில் ஸ்கேன் வர்ணனைதான் விடை. சுற்றிலும் வளையமாக ஒளிரும் பல கட்டிகள், அடித்தள நரம்பு முடிச்சுகளில், ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால் டாக்சோபிளாஸ்மா. பைரிமெத்தமின், சல்ஃபாடயசின், ஃபோலினிக் அமிலம் கொடுத்து இரண்டு வாரத்தில் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். சுருங்கவில்லை என்றால், அதுவும் ஒற்றைக் கட்டியாக இருந்து மூளைத் தண்டுவட நீரில் ஈ.பி. வைரஸின் டி.என்.ஏ. இருந்தால், லிம்போமா. வளையமும் இல்லை, அழுத்தமும் இல்லை, வெண்பொருளில் மட்டும் திட்டுத்திட்டாக மாற்றம் என்றால் ஜே.சி. வைரஸ். கிரிப்டோகாக்கஸில் ஸ்கேன் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. வாரக்கணக்கில் தலைவலி, தண்டுவட நீரின் அழுத்தம் மிக அதிகம், கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் பாசிட்டிவ் என்று வரும். அங்கே பூஞ்சை மருந்தைப் போலவே முக்கியமானது, ஊசி வழியே நீரைத் திரும்பத் திரும்ப வடித்து அழுத்தத்தைக் குறைப்பது.

சந்தர்ப்பவாதத் தொற்று முழுவதும் குணமான பிறகுதானே எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்க வேண்டும்?

பெரும்பாலானவற்றில் அப்படிக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. நிமோசிஸ்டிஸில் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். நம் நோயாளிக்குப் பத்தாம் நாள் தொடங்குகிறோம். விதிவிலக்கு மூளையுறை நோய்கள். கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலில் 4 முதல் 6 வாரம் தள்ளிப்போட வேண்டும். சீக்கிரம் தொடங்கியவர்களிடம் இறப்பு கூடியது ஆய்வுகளில் தெரியவந்தது. காசநோய் மூளைக்காய்ச்சலிலும் 4 முதல் 8 வாரம் பொறுக்க வேண்டும். மீளும் நோய் எதிர்ப்பு மண்டலம் கிளப்பும் வீக்கத்துக்கு மண்டையோட்டுக்குள் இடமில்லை என்பதுதான் காரணம்.

இவ்வளவு மருந்து வகைகளையும் குழப்பமில்லாமல் எப்படிப் படிப்பது?

வைரஸின் பயணத்தோடு படியுங்கள். அது செல்லின் சிடி4-இல் ஒட்டி, சிசிஆர்5 என்ற துணைக் கதவைத் தொட்டு, செல் உறையோடு இணைகிறது. உள்ளே போனதும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதி அதன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ. ஆக மாற்றுகிறது. இன்டகிரேஸ் அந்த டி.என்.ஏ.யை நம் மரபணுவில் செருகுகிறது. புதிய புரதங்கள் நீண்ட சங்கிலியாக உருவாகி வெளியேற, புரோட்டியேஸ் அவற்றை நறுக்கி முதிர்ந்த வைரஸாக்குகிறது. இந்த ஒவ்வொரு படிக்கும் ஒரு மருந்து வகை இருக்கிறது.

கதவருகே நிற்பவற்றில் மராவிராக் சிசிஆர்5-ஐ அடைக்கிறது. வைரஸ் அந்தக் கதவைத்தான் பயன்படுத்துகிறதா என்று முன்கூட்டியே பரிசோதித்த பின்னரே கொடுக்க முடியும். உறை இணைவதைத் தடுப்பது என்ஃபுவிர்டைட், தோலுக்கடியில் போடும் ஊசி.

ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸைத் தடுப்பவை இரண்டு வகை. சிடோவுடின், லாமிவுடின், அபாகாவிர், டெனோஃபோவிர் போன்றவை டி.என்.ஏ. சங்கிலியில் போலிக் கண்ணியாக நுழைந்து அதை அங்கேயே முடித்துவிடும். இவை செல்லுக்குள் பாஸ்பேட் ஏற்ற பிறகே வேலை செய்யும். எஃபாவிரென்ஸ், நெவிரபின் போன்ற நியூக்ளியோசைடு அல்லாதவை நொதியின் வேறொரு பள்ளத்தில் அமர்ந்து அதன் உருவைக் குலைக்கின்றன. பாஸ்பேட் ஏற்றம் தேவையில்லை. எச்.ஐ.வி.-2-இல் அந்தப் பள்ளம் வேறாக இருப்பதால் அங்கே இவை பலிக்காது. 'எச்.ஐ.வி.-2 தொற்றுக்கு எந்த மருந்து பயனற்றது' என்ற கேள்விக்கு இதுதான் விடை.

இன்டகிரேஸ் தடுப்பிகளின் பெயர்கள் 'டெகிராவிர்' என்று முடியும்: ரால்டெகிராவிர், டோலுடெகிராவிர், பிக்டெகிராவிர். புரோட்டியேஸ் தடுப்பிகள் 'நாவிர்' என்று முடியும்: அட்டசனாவிர், டாருனாவிர், லோபினாவிர். இவற்றோடு சிறிதளவு ரிட்டோனாவிர் சேர்ப்பது வைரஸைக் கொல்ல அல்ல. கல்லீரலின் சிஒய்பி3ஏ4 நொதியை முடக்கி, உடன் வரும் மருந்து ரத்தத்தில் நீண்ட நேரம் தங்கச் செய்யத்தான். 2022-இல் அங்கீகாரம் பெற்ற லெனாகாபாவிர் வைரஸின் உள்ளுறையையே குறிவைக்கிறது. ஊசியாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடலாம்.

நம் நோயாளிக்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில். முதல் இரண்டும் ஹெபடைட்டிஸ் பி வைரஸையும் அடக்கும். ஆகவே தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை அவசியம். அது பாசிட்டிவாக இருப்பவரிடம் இந்த மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி பொங்கி எழும்.

பக்க விளைவுகளில் எதை மட்டும் படித்தால் போதும்?

ஒரு மருந்துக்கு ஒரு முத்திரை. சிடோவுடினுக்கு ரத்தசோகை, சிவப்பணுக்கள் பெரிதாகத் தெரியும். அபாகாவிருக்கு உயிரைப் பறிக்கக்கூடிய ஒவ்வாமை. எச்.எல்.ஏ.-பி*57:01 மரபணு இருப்பவருக்குக் கொடுக்கவே கூடாது, ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் கொடுக்கக் கூடாது. எஃபாவிரென்ஸுக்கு விசித்திரக் கனவுகள். நெவிரபினுக்குத் தோல் தடிப்பும் கல்லீரல் பாதிப்பும். அட்டசனாவிருக்கு மஞ்சள் கண், ஆனால் கல்லீரல் நொதிகள் இயல்பு. ஸ்டாவுடினும் டிடனோசினும் பயன்பாட்டிலிருந்து போய்விட்டன, கேள்வித்தாள்களில் மட்டும் வாழ்கின்றன: முதலாவதுக்குக் கால் மரத்துப்போதல், இரண்டாவதுக்குக் கணைய அழற்சி.

கர்ப்பிணிக்கு டோலுடெகிராவிர் கூடாது என்று ஒரு விடை இன்னும் சுற்றுகிறது. 2018-இல் போட்ஸ்வானா ஆய்வின் இடைக்கால முடிவில் குழந்தையின் நரம்புக்குழாய்க் குறைபாடு கூடியதுபோல் தெரிந்தது. தரவுகள் சேரச் சேர அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. 2019-லிருந்து உலக சுகாதார நிறுவனம் கருத்தரிக்கக்கூடிய பெண்கள் உட்பட எல்லாப் பெரியவர்களுக்கும் இதையே முதல் தேர்வாகச் சொல்கிறது.

மருந்து தொடங்கிய மூன்றாவது வாரம் கிரியாட்டினின் 0.9-லிருந்து 1.1 ஆகிவிட்டது. டெனோஃபோவிர் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டதா?

உடனே அதன்மேல் பழி போட வேண்டாம். டோலுடெகிராவிர் சிறுநீரக நுண்குழாய் கிரியாட்டினினை வெளித்தள்ளும் பாதையை அடைக்கிறது. முதல் சில வாரங்களில் 0.1 முதல் 0.2 வரை ஏறி அங்கேயே நின்றுவிடும். வடிகட்டும் திறன் குறையவில்லை. இவர் எடுக்கும் டிரைமெத்தோபிரிமும் இதே வேலையைச் செய்யும். டெனோஃபோவிர் பாதிப்பு என்றால் அடையாளம் வேறு: ரத்தச் சர்க்கரை இயல்பாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் பாஸ்பேட் குறைவு, கிரியாட்டினின் நிற்காமல் ஏறுதல். சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக இருந்தால் மருந்தை மாற்றாமல் கவனிக்கலாம். டிரைமெத்தோபிரிம் பொட்டாசியத்தை ஏற்றும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே நோயாளிக்கு நான்காவது வாரத்தில் காய்ச்சல், கழுத்தில் வலியுள்ள கட்டிகள். வைரஸ் அளவு 300-க்கு இறங்கி, சிடி4 140 ஆகியிருக்கிறது. மருந்து தோற்றுவிட்டதா?

மருந்து வேலை செய்ததன் விளைவுதான் இது. வைரஸ் இறங்கி, சிடி4 ஏறும்போது, அதுவரை சத்தமில்லாமல் கிடந்த கிருமியை உடல் அடையாளம் கண்டு தாக்கத் தொடங்குகிறது. நோய் எதிர்ப்பு மீட்சி அழற்சி நோய்க்குறி என்பார்கள். ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கும் தொற்று மோசமாவது ஒரு வகை. மறைந்திருந்த தொற்று வெளிப்படுவது இன்னொரு வகை. இவருக்குக் கட்டியிலிருந்து ஊசி வழியே எடுத்த மாதிரியில் காசநோய்க் கிருமியின் மரபணு கிடைத்தது. ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. ஆக, இது இரண்டாவது வகை.

'எச்.ஐ.வி. மருந்தை நிறுத்துக' என்ற விடை கட்டாயம் இருக்கும். நிறுத்தக் கூடாது. காசநோய் மருந்தைத் தொடங்கி, இரண்டையும் தொடர வேண்டும். அழற்சி கடுமையாக இருந்தால் பிரெட்னிசோலோன் சேர்க்கலாம்.

இங்கேதான் தேர்வாளர் இரண்டாவது கேள்வியை வைத்திருப்பார். ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டி டோலுடெகிராவிரை விரைவில் சிதைத்துவிடும். அதனால் 50 மி.கி. ஒரு வேளை என்பதை 50 மி.கி. இரு வேளையாக்க வேண்டும். ரிஃபாம்பிசின் நிறுத்திய பிறகும் நொதிகள் அடங்க நாளாகும் என்பதால் இரண்டாவது வேளையை இன்னும் இரண்டு வாரம் தொடர வேண்டும். பிக்டெகிராவிரை ரிஃபாம்பிசினோடு கொடுக்கவே கூடாது, ஆகவே 'பிக்டெகிராவிருக்கு மாற்றுக' என்பது விடையாகாது.

மாத்திரையை இரு வேளையாக்கியும் வைரஸ் அளவு இறங்காமல் இருந்தால், எதிர்ப்பு உருவானதா என்று தேடும் முன் அவர் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரையோ அமிலம் குறைக்கும் மருந்தோ சேர்த்து விழுங்குகிறாரா என்று கேட்க வேண்டும். அவற்றிலுள்ள உலோக அயனிகள் டோலுடெகிராவிரைக் குடலிலேயே பிடித்துவைத்துவிடும். அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டோலுடெகிராவிரை எடுக்கச் சொன்னால் போதும்.